இரண்டாம் தரத்துக்கு எழுதிய வரி

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து கூரை போட்டுக்கொண்டிருந்த வருசங்களில், நான் மன்னார் ரவுணில் ஒரு கோல் சென்டரில், போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கந்தோரில், வேலை செய்தேன். கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, வாடகைக்கு எடுத்த மண்டபம். தெற்கே கம்பனி ஒன்று தன் ரெலிபோன் வாடிக்கையாளர்களில் தமிழில் கதைக்கிறவர்களை எங்களிடம் திருப்பிவிட்டிருந்தது. சிம் வேலை செய்யவில்லை, போட்ட காசைக் காணவில்லை, பாட்டு வேண்டாமென்று சொல்லியும் பாட்டுக்குக் காசு வெட்டுகிறார்கள். இப்படியான கோல்கள்தான் காலையிலிருந்து பின்னேரம் வரை.

என் வேலை அந்தக் கோல்களைக் கேட்பது. பதிவாகியிருப்பதை எடுத்துக் கேட்டு, பிள்ளைகள் எப்படிக் கதைத்தார்கள் என்று பார்த்து, பிழை இருந்தால் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது. நான் தோட்டவெளியிலிருந்து சைக்கிளில் போய் வந்தேன். மற்றவர்கள் எல்லாத் திக்கிலிருந்தும் வந்தார்கள். தீவுக்குள்ளிருந்து வேதக்காரப் பிள்ளைகள், பெருநிலத்து வயல் கிராமங்களிலிருந்து சைவப் பிள்ளைகள், புத்தளத்தில் வளர்ந்து முசலிப் பக்கம் திரும்பியிருந்த முஸ்லிம் பிள்ளைகள். ஒரே மேசையில் இருந்தாலும் சாப்பாட்டு நேரம் மூன்று மூலையில் இருப்பார்கள்.

எங்களிடம் நாலு தரம் இருந்தது. பழகுநர் முதலாம் தரம், கோல் எடுக்கிறவர் இரண்டாம் தரம், மூத்தவர் மூன்றாம் தரம், குழுத் தலைவர் நாலாம் தரம். ஆனால் ஒருவரை ஏன் மூன்றாம் தரத்துக்கு ஏற்றினார்கள், மற்றவரை ஏன் விட்டார்கள் என்று கேட்டால் ஒருவரிடமும் மறுமொழி இல்லை. முகத்தைப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்று கொண்டச்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளை தலைமைக் கந்தோருக்கு எழுதிப்போட்டாள். தன் பெயரையும் போட்டுத்தான் எழுதியிருந்தாள். அவள் சொன்னது பொய் இல்லை.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து ஆளணிப் பிரிவு அலுவலர் ஒருவர் வந்தார். கொழும்புத் தமிழ் கதைக்கிற, நிதானமான பெண். தேர்ச்சிச் சட்டகம் ஒன்று செய்ய வேண்டும் என்றார். ஒவ்வொரு தரத்திலும் இருக்கிறவர் வேலையில் எப்படி நடந்துகொள்வார் என்று எழுதிவைப்பது. ஏற்றுவதும் விடுவதும் அதைப் பார்த்துத்தான். கோல்களைக் கேட்கிறவள் என்பதால் எழுதுகிற பொறுப்பு எனக்கு வந்தது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. சண்டை முடிந்து அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்ற காலத்தில், எதற்காக ஒருவரை முன்னுக்கு விட்டார்கள், எதற்காகப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்று தெரியாமலே நின்றிருக்கிறேன். எழுதி ஒட்டின விதி ஒன்று இருந்தால் குறைந்தது அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

முதல் எழுதிய தாளைக் காட்டியபோது அவர் பேனையால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார்.

"பொறுமையானவர்னு எழுதியிருக்கீங்க. பொறுமை கண்ணுக்குத் தெரியாதே. பொறுமையா இருக்கிறவங்க கோல்ல என்ன செய்றாங்க?"

"மற்ற ஆள் கதைச்சு முடியுமட்டும் காத்திருந்துதான் கதைப்பினம்."

"அதை எழுதுங்க. நீங்களும் நானும் ஒரே கோலைக் கேட்டா, ரெண்டு பேருக்கும் அது கேட்கணும். கேட்காததை எழுதாதீங்க."

தரங்களுக்கிடையில் வித்தியாசம் காட்டவும் நான் பிழையாகத்தான் தொடங்கினேன். இரண்டாம் தரம் நன்றாகக் கேட்பார், மூன்றாம் தரம் மிக நன்றாகக் கேட்பார். அவர் சிரிக்காமல் அதையும் வெட்டினார். "மிக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் ஏற மாட்டார்கள் என்றார். மேல் தரத்தில் வேலையே சிக்கலாகும், தனியே முடிவெடுக்க வேண்டி வரும், தன் கோல் மட்டுமில்லாமல் மற்றவர்களின் கோலும் தன் பொறுப்பாகும். அந்த மாற்றத்தை எழுதச் சொன்னார். மேல் தரத்தில் இருக்கிறவர் கீழ்த் தரத்தில் எழுதியதையும் செய்ய வேண்டும் என்பதால் ஒன்றைத் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை என்றும் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைத்தேன். சரியாகப் போன கோல் ஒன்றைச் சொல்லுங்கோ, பிழைச்சுப்போன ஒன்றைச் சொல்லுங்கோ, அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள், என்ன செய்தனீங்கள். கம்பனி நல்லது, நாங்கள் நல்லாச் செய்யிறம் என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் உண்மையான கோல் வெளியே வரும்.

வந்தது ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றுதான். ஒரு தாய் போன் எடுப்பாள். அல்லது ஒரு பெண்சாதி. இந்த நம்பருக்குக் காசு போட்டிருக்கிறேன், போய்ச் சேர்ந்ததோ என்று கேட்பாள். சேர்ந்திருக்கும். சிம் எங்கும் இயங்கியிருக்காது. வன்னிக்குள் சண்டையின் கடைசி மாதங்களில் அணைந்த போன். போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நம்பர் செத்துவிடக் கூடாது என்பதற்காகத் தாய் காசு போட்டுக்கொண்டே இருப்பாள். போடாமல் விட்டால் கம்பனி விதிப்படி சில காலத்தில் இணைப்பை வெட்டிவிடும். இன்னும் கொஞ்சக் காலம் போக அந்த நம்பர் வேறொருவருக்கு விற்கப்படும்.

கோல் முடிந்ததும் எதைப் பற்றிய கோல் என்று கணினியில் தெரிவுசெய்ய வேண்டும். இதற்கு அதில் இடம் இல்லை. "வேறு" என்று போட்டிருந்தார்கள்.

இந்தக் கோல்களை எல்லோரும் அடம்பன் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்கு மாற்றிவிடுவார்கள். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. மெலிந்தவள், ஹெட்செட் அவள் தலையில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதைப்பாள். அவளுடைய தமையனும் கடைசி நேரத்தில் காணாமல் போனவன் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் இரண்டு கோல் முடிக்கிற நேரத்தில் அவளுடைய ஒரு கோல் முடியாது. அதனால் மாத முடிவில் அவளுடைய கணக்கு எப்போதும் கீழேதான் இருக்கும். ஆனால் அவளுடைய பதிவுகளைக் கேட்டு, அவள் எப்படிச் சும்மா இருக்கிறாள், எந்த இடத்தில் மெதுவாக "ஓம் அம்மா" என்கிறாள் என்று பார்த்துத்தான் கேட்டல் என்ற பகுதி முழுவதையும் நான் எழுதினேன். இரண்டாம் தரம்: அழைத்தவர் அழும்போது அவர் அடுத்த சொல் சொல்லும் வரை காத்திருப்பார். அந்த வரியைக் கொழும்பு அலுவலர் வெட்டவில்லை.

கணினியில் நேரத்தைப் பார்த்தே பழகின கண்ணுக்கு அவள் சோம்பேறி. சட்டகம் வந்தால் அவள் மூன்றாம் தரத்துக்குப் போவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் தலைமன்னாரிலிருந்து ஒரு அம்மா கந்தோருக்கு நேரே வந்தார். வாடிக்கையாளர்கள் எங்களிடம் நேரே வருவதில்லை. எங்கே இருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. ரவுணிலுள்ள போன் கடையில் கேட்டுப் பிடித்து வந்திருந்தார். மீன் வாடியில் கருவாடு காயப்போடுகிறவர். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

"பிள்ளை, என்ரை மோனின்ரை நம்பரை ஆரோ எடுக்கினம்," என்றார்.

பிறகு ஆறுதலாகச் சொன்னார். பல மாதம் சுகமில்லாமல் ஆசுப்பத்திரியில் கிடந்திருக்கிறார். காசு போட முடியவில்லை. ஆசுப்பத்திரிக்குப் போகுமுன் எங்களுக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை சொன்னதாம், யோசிக்காதேங்கோ அம்மா, நம்பர் போகாது, நான் பாத்துக்கொள்ளுறன் என்று. திரும்பி வீட்டுக்கு வந்து, வழமைபோல அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார். எப்போதும் போன் அணைந்திருப்பதாகச் சொல்லுகிற பெண்குரல்தான் வரும். அன்றைக்கு மணி அடித்திருக்கிறது.

"ஒரு ஆம்பிளை ஹலோ எண்டவர். நான் அவன்தான் எண்டு நினைச்சு எல்லாம் கதைச்சுப்போட்டன். எங்கையடா ராசா இருந்தனி எண்டு கேட்டனான். அந்தத் தம்பி பாவம், பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திட்டு, ஆன்ரி, நீங்கள் நம்பர் மாறி எடுத்திட்டியள் எண்டு சொன்னது."

என்ன கேட்க வந்தீர்கள் என்று கேட்டேன். நம்பரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பார் என்று நினைத்தேன். அதில்லை. அந்தத் தம்பியின் விலாசம் வேண்டுமாம். அவனுக்கு அந்த சிம் எங்கே கிடைத்தது என்று கேட்க வேண்டுமாம். மகனின் கையிலிருந்து அவனுடைய கைக்கு அது எப்படியோ வந்திருக்க வேண்டும் என்று அவர் நம்பினார்.

அது பழைய சிம் இல்லை, கம்பனி அதே நம்பரைப் புது சிம்மில் போட்டு விற்றிருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். விலாசம் தரச் சட்டத்தில் இடம் இல்லை என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். விளங்கியதா தெரியவில்லை.

அடம்பன் பிள்ளை தன் மேசையிலிருந்து எழும்பி வந்தாள். ஹெட்செட் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குரலிலேயே அடையாளம் கண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் உங்களோடை கதைச்சனான்," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீயோ பிள்ளை. பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னனி."

"ஓம் அம்மா. கணினியிலை குறிப்புப் போட்டனான், இந்த நம்பரை வெட்ட வேண்டாம் எண்டு."

"பிறகேன் போனது?"

 சொல்லவேண்டியதை நான்தான் சொன்னேன். அந்தக் குறிப்பை வாசிக்க ஒருவரும் இல்லை. காசு முடிந்து காலம் போன நம்பர்களை ஆள் வெட்டுவதில்லை, இயந்திரம் தானாக வெட்டுகிறது. அந்த அம்மா கோபப்படவில்லை. பஸ் போய்விடும் என்று எழும்பினார். படியிறங்கும்போது அந்தப் பிள்ளை அவருடைய கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையை விலக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து இறங்கினார்.

அடுத்த முறை கொழும்பு அலுவலர் வந்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை எடுத்து அதுவரை எழுதியிருந்த பகுதிகளைத் திரும்பப் பார்த்தார். பிறகு, உண்மை சொல்லுதல் என்று தனியே ஒரு பகுதி வேண்டும் என்றார். "செய்ய ஏலாததை வாக்குக் கொடுக்க மாட்டார்" என்று எழுதினேன். செய்யாததை எழுதினால் மதிப்பிட முடியாது, செய்வதை எழுதுங்கள் என்றார். இரண்டு பேரும் இருந்து திருத்தினோம். முதலாம் தரம்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கேட்டுவந்து சொல்வார். இரண்டாம் தரம்: அழைத்தவர் அழுதாலும் ஏசினாலும், எது செய்ய முடியும் எது முடியாது என்பதைக் கோல் முடியுமுன் தெளிவாகச் சொல்வார். மூன்றாம் தரம்: ஒரே துன்பம் பலரிடமிருந்து வருவதைக் கண்டால் அந்தக் கோல்களைச் சேர்த்து, விதியை மாற்றக்கூடியவரிடம் கொண்டுபோவார், பாரமான கோல் எடுத்தவருக்குப் பக்கத்தில் இருப்பார். நாலாம் தரம்: மேலிடத்து மறுமொழியைப் பெற்று, குழு வேலைசெய்யும் முறையை மாற்றுவார்.

மூன்றாம் தரத்துக்கு உதாரணமாக, காணாமல் போனவர்களின் நம்பர்களைச் சில வருசம் விற்காமல் வைத்திருக்கக் கேட்பது என்று எழுதினேன். அலுவலர் அதைத் தானே மேலிடத்துக்குக் கொண்டுபோனார். அவர் உண்மையாக முயன்றவர் என்று இன்றைக்கும் நம்புகிறேன். திரும்பி வந்த தாளில் நடத்தை வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. உதாரணத்தில் "காணாமல் போனவர்" என்ற சொல் மட்டும் இல்லை. "மென்மையான சூழ்நிலையிலுள்ள வாடிக்கையாளர்" என்று மாற்றியிருந்தார்கள். நம்பர் விதியில் மாற்றம் இல்லை.

"யாரை மென்மையானவங்கன்னு நினைக்கிறாங்கன்னு எனக்கே தெரியல," என்று அவர் போனில் சொன்னார். "மன்னிச்சுக்குங்க. இந்தச் சொல்லை எழுத்தில வைக்கப் பயப்படறாங்க."

பிறகு மதிப்பீடு. நானும் ஒரு குழுத் தலைவரும் ஒரே கோல்களைத் தனித்தனியே கேட்டுத் தரம் போட்டு, பிறகு சேர்ந்திருந்து ஒப்பிட்டோம். வேறுபட்ட இடங்களில் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டோம், எந்தச் சொல்லை வைத்துப் போட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டோம். ஒரு கோலை வைத்து ஒருவரையும் முடிவுகட்டக் கூடாது என்பதால் பல மாதத்துப் பதிவுகளை எடுத்தோம். கொண்டச்சிப் பிள்ளை எல்லாப் பகுதியிலும் மூன்றாம் தரத்துக்கு வந்திருந்தாள். அதில் எங்களுக்குள் வித்தியாசமே வரவில்லை.

அடம்பன் பிள்ளை கேட்டலில் மூன்றாம் தரத்துக்கு மேலே நின்றாள். உண்மை சொல்லுதலில் இரண்டாம் தரமும் வரவில்லை. தலைமன்னார் அம்மாவின் கோல் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. கோலுக்குக் கோல் அதே வார்த்தை: நம்பர் போகாது அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன். குழுத் தலைவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ன செய்யிறது?" என்றார். ஒரு பகுதியில் கீழே நின்றால் மேலே ஏற்ற முடியாது என்பது விதி. அதை எழுதும்போது நல்ல விதியாகத்தான் தெரிந்தது. இப்போதும் அது கெட்ட விதி என்று சொல்ல மாட்டேன்.

முடிவை நான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தாளை எடுத்து அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறியள் அக்கா."

"தெரியாமல் சொன்னனீரோ? குறிப்புப் போட்டால் நிக்கும் எண்டு நினைச்சோ?"

"முதலிலை அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு தெரியும்." தாளில் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "அண்ணான்ரை நம்பரைப் பற்றி அம்மா கம்பனிக்கு எடுத்துக் கேட்டவா. எங்கடை சென்டர் வர முந்தி. அந்த முனையிலை ஒருத்தி, இது வெட்டுப்பட்டது, இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாள். அம்மா பிறகு ஒரு கிழமை சாப்பிடேல்லை. அந்த ஆள் சொன்னது உண்மைதான்."

"உண்மையை வேறை மாதிரிச் சொல்லலாம். காசு போட ஏலாட்டி வேறை ஆரும் போடலாம், எவ்வளவு காலத்துக்குள்ளை போடோணும் எண்டு சொல்லியிருந்தால், அந்த அம்மான்ரை சொந்தக்காரர் ஆரும் போட்டிருப்பினம்."

"ஓம்," என்றாள். "அது பிறகுதான் விளங்கினது." தாளை மடிக்காமல் மேசையில் வைத்தாள். "இனி அந்தக் கோல்கள் எனக்கு வேண்டாம் அக்கா. என்னாலை அதைச் சொல்லவும் ஏலாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது."

அவளை எழுத்து முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிற மேசைக்கு மாற்றினோம். குரல் இல்லாத வேலை. சில மாதம் இருந்தாள். பிறகு வவுனியாவில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். போகிறபோது எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கும் சொன்னாள். ஆனால் அந்த மேசையடியில் நின்று சொன்ன விதத்தில், இனி இவளை நான் காண மாட்டேன் என்று தெரிந்தது.

அந்தக் கோல்கள் நிற்கவில்லை. இப்போது எல்லோரும் எடுத்தார்கள், எழுதியிருந்தபடி தெளிவாகச் சொன்னார்கள். முடியும், முடியாது, இத்தனை காலத்துக்குள், இப்படி. பதிவுகளில் தாய்மார் சில நேரம் மறுமொழி சொல்லாமலே வைத்துவிடுவது கேட்கும். நம்பர்கள் முன்னைவிடக் குறைவாகத்தான் வெட்டுப்பட்டன. அதுவும் உண்மை.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒரு நாள், ஒரு ஆள் எடுத்து முறைப்பாடு சொன்னான். வயதுபோன ஒரு பெண் ஒவ்வொரு நாளும் எடுத்துத் தொந்தரவு தருகிறாராம். கதைப்பதில்லையாம், ஹலோ என்று இவன் சொல்லுவதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாராம். மூன்றாம் தரத்துக்கு ஏறியிருந்த கொண்டச்சிப் பிள்ளைதான் அந்தக் கோலை எடுத்தாள். நம்பரைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. தலைமன்னார் அம்மாவின் மகனுடையதாக இருந்த, எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான நம்பர்.

பிறகு அந்தப் பதிவைக் கேட்டு மதிப்பிட்டது நான். அவள் அவனுடைய பேச்சில் குறுக்கிடவில்லை. அந்தப் பெண் யாரென்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை. இந்த நம்பர் முன்னம் வேறொருவரிடம் இருந்தது, அவருடைய வீட்டார் எடுக்கக்கூடும் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணின் கோல் வராமல் தடுக்கலாம், தடுக்காமலும் விடலாம், நம்பரையே மாற்றியும் தரலாம் என்று மூன்று வழியையும் விளக்கினாள். 

"எனக்கு விளங்குது மிஸ்," என்றான். "நானும் முகாமிலை இருந்து வந்தவன்தான். ஆனா என்ரை மனிசி பிள்ளைத்தாச்சி. ஒவ்வொரு நாளும் அந்தக் கோல் வரேக்கை பயப்பிடுறா. நம்பரை மாத்தவும் ஏலாது, வேலைக்குக் கூப்பிடுறவை எல்லாரிட்டையும் இதுதான் இருக்கு. தடுத்துவிடுங்கோ."

அவள் தடுத்துவிட்டாள். எழுதியிருந்த எந்த வரியைப் பிடித்துப் பார்த்தாலும் அதில் பிழை இல்லை. நான் கேட்ட கோல்களில் அதைவிடச் சரியான கோல் ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. தரத்தைப் போட்டுவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த அம்மாக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள்.

விதிப்படி ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவள்தான் அந்த அம்மாவுக்கு எடுத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அந்த நம்பருக்கு இனிக் கோல் போகாது அம்மா என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கடற்காற்று போனுக்குள் இரைந்துகொண்டிருந்தது. வைத்துவிட்டார் என்றே நினைத்தோம்.

"பிள்ளை," என்றார் பிறகு. "என்ரை நம்பர் இருக்குதானே? அவன் எடுத்தால் எனக்கு வரும்தானே?"

கொண்டச்சிப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, அவருடைய கணக்கைத் திறந்து, உறுதிப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"ஓம் அம்மா. உங்கடை நம்பர் வேலை செய்யுது. ஆர் எடுத்தாலும் வரும். மாதத்திலை ஒருக்கா எண்டாலும் கொஞ்சம் காசு போட்டுக்கொண்டு வாங்கோ. உங்களுக்கு ஏலாட்டி வேறை ஆரையும் போடச் சொல்லுங்கோ."

"போடுறன்," என்றார் அவர்.

வைத்த பிறகு அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. அடுத்த கோல் வரிசையில் நின்றது. எடுத்தாள்.